கேள்வித்தாளின் பின்பக்கம்

வினாடி வினா நிகழ்ச்சிக்கு எழுதப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. முன்பக்கத்தில் இருப்பதை நடத்துநர் படிக்கிறார், போட்டியாளரும் நேயர்களும் கேட்கிறார்கள். பின்பக்கத்தில் விடை, அந்த விடை எந்த நூலில் எந்தப் பக்கத்தில் உள்ளது, சரிபார்த்தவர் யார், சரிபார்த்த தேதி, வேறு எந்தெந்தச் சொற்களில் சொன்னாலும் ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது என்பவை இருக்கின்றன. நிகழ்ச்சியில் தகராறு எழும்போது நடுவரின் கண் போவது இந்தப் பின்பக்கத்துக்குத்தான். அது வெறுமையாக இருந்தால் தீர்ப்பு நடுவரின் ஞாபகசக்தியையே நம்பியிருக்க வேண்டியதாகிவிடும்.

பெரிய நிகழ்ச்சிகளில் எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருப்பதில்லை. கேள்வி விடையில்லாமல் சரிபார்ப்பவரிடம் தரப்படுவது நல்ல வழக்கம். அவர் தாமே தேடி ஒரு விடைக்கு வருவார். இருவர் விடையும் பொருந்தினால் கேள்வி அடுத்த கட்டத்துக்குப் போகும், பொருந்தாவிட்டால் எழுதியவரிடமே திரும்பும். குறைந்தது இரண்டு ஆதாரங்கள் தேவை என்பது அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ நிகழ்ச்சி கடைப்பிடிக்கும் விதி. அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருந்தால் கணக்கில் ஒரே ஆதாரம்தான். ஒரே எழுத்துப் பிழையோ, ஒரே வினோதமான சொற்றொடரோ இரண்டிலும் இருந்தால் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று கண்டுகொள்ளலாம்.

பேராக்கில் எந்த மேடையிலும் கேட்கத் தோன்றும் ஒரு கேள்வி: “மலாயாவில் ரப்பர் முதன்முதலில் எங்கே நடப்பட்டது?” எழுதியவர் ‘கோலகங்சார்’ என்று விடை வைத்திருப்பார். அந்த ஊரின் மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கும் பழைய மரமும் அதன் பெயர்ப்பலகையும் அவருக்குச் சான்று. சரிபார்ப்பவர் வரலாற்றை முன்னாலிருந்து தொடங்கிப் பார்க்கிறார். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். அவற்றில் முளைத்தவற்றிலிருந்து 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாருக்குப் போய், பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. ஆக, சிங்கப்பூரில் இறங்கிய கன்றுகளின் ஒரு பகுதிதான் பேராக்குக்கு வந்தது.

இங்கேதான் கேள்வியின் ஓட்டை வெளிப்படுகிறது. அக்கால மலாயா என்ற சொல்லுக்குள் சிங்கப்பூரையும் அடக்கிப் பேசுபவர் உண்டு. அவர்கள் ‘சிங்கப்பூர்’ என்றால் அதைத் தவறு என்று தள்ள முடியாது. ‘நடப்பட்டது’ என்பதை வணிகப் பயிர் என்று புரிந்துகொண்டால் மூன்றாவது விடை வரும்: மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் தொடங்கிய தோட்டம். பள்ளியில் படித்ததை நினைவில் வைத்திருப்பவர் ஹென்றி ரிட்லி பெயரைச் சொல்லி வாதிடுவார். ரிட்லி சிங்கப்பூருக்கு வந்ததே 1888இல்தான். அவருடைய பெரும்பங்கு மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டதும், விதைகளை ஓயாமல் விவசாயிகளிடம் கொடுத்ததும்.

நான்கு விருப்பங்களுடன் கேட்கும் நிகழ்ச்சியாக இருந்தால் வேலை நான்கு மடங்கு. சரியான விடை சரி என்று நிறுவினால் போதாது, மற்ற மூன்றும் தவறு என்பதும் நிறுவப்பட வேண்டும். சிங்கப்பூர், கோலகங்சார், மலாக்கா ஆகியவை விருப்பங்களில் இருந்தால் அவற்றில் எதைச் சொன்னவரும் தமக்கு நியாயம் இருப்பதாகக் கருத இடமுண்டு. ஆகவே கேள்வி இப்படித் திருத்தப்படும்: “1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது, பேராக்கின் எந்த ஊரில் நடப்பட்டன?” நீளம் கூடியிருக்கிறது, ஆனால் இதற்கு விடை ஒன்றே ஒன்றுதான். கேள்வி எழுதுபவர்கள் நீளத்தை வெறுப்பார்கள். சரிபார்ப்பவர் அந்த வெறுப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது.

தேதிக் கேள்விகளில் இதே சிக்கல் இன்னும் நுட்பமாக வரும். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக்கின், ஜொகூரின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 18ஆம் தேதி அது கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. “அவசரகாலம் எப்போது பிரகடனப்படுத்தப்பட்டது?” என்று மட்டும் கேட்டால் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர் 16 என்பார், பாடநூலைப் படித்தவர் 18 என்பார், இருவரிடமும் ஆதாரம் இருக்கும். ‘கூட்டரசு முழுவதற்கும்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தால் வழக்கே இல்லை.

அடுத்து, ஏற்கத்தக்க விடைகளின் பட்டியல். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறக்கப்பட்டது. அந்தத் துறைமுகத்துக்கு இன்றைய பெயர் கோலா செபெத்தாங். போட்டியாளர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, எனவே இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். தெலுக் ஆன்சன் என்ற பெயர் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. முதியவர்கள் வாயில் பழைய பெயர்தான் முதலில் வரும். அதற்கு மதிப்பெண் மறுப்பது அறிவைச் சோதிப்பதாகாது. ஆனால் கேள்வியே “இன்றைய பெயர் என்ன?” என்று இருந்தால் பழைய பெயர் தவறு, அதையும் பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். தோட்டப்புறக் கேள்விகளில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் ஒன்றாகவும், தொழிலாளர்கள் துரை பெயரையோ கங்காணி பெயரையோ வைத்து அழைத்தது வேறொன்றாகவும் இருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின் அங்கிருந்த தமிழ்ப்பள்ளி பழைய பெயரோடு வேறோர் இடத்துக்குப் பெயர்ந்திருக்கலாம். “அந்தப் பள்ளி எங்கே இருக்கிறது?” என்ற கேள்விக்கு எந்த ஆண்டில் என்பதைப் பொறுத்தே விடை அமையும். ஆண்டைக் குறிக்காத எதுவும் இங்கே தேறாது.

ஒளிப்பதிவு நாளில் பொறுப்பு நடுவர் மேசைக்கு மாறுகிறது. இந்த மேசை தயாரிப்பாளரிடமிருந்து தனித்து இருக்க வேண்டும் என்பதற்கு 1950களின் அமெரிக்க அனுபவம் காரணம். ‘ட்வென்டி-ஒன்’ என்ற நிகழ்ச்சியில் தயாரிப்பாளர்களே விடைகளை முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். 1956 டிசம்பரில் ஹெர்ப் ஸ்டெம்பல், 1955ஆம் ஆண்டின் சிறந்த படம் ‘மார்ட்டி’ என்பது தெரிந்திருந்தும் வேறு விடை சொல்லித் தோற்கும்படி பணிக்கப்பட்டார். 1959இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் உண்மை வெளிவந்தது, 1960இல் இப்படி முடிவை முன்கூட்டி நிர்ணயிப்பது சட்டப்படி குற்றமானது. அதற்குப் பிறகு, கேள்வியை அறிந்தவர்கள் போட்டியாளரோடு பேசக்கூடாது, அன்றைய கேள்விக் கட்டைத் தயாரிப்புக் குழுவுக்கு வெளியே உள்ளவர் தேர்ந்தெடுக்க வேண்டும் போன்ற கட்டுப்பாடுகள் வந்தன.

நடுவர்கள் பதிவின்போதே ஒவ்வொரு விடையையும் கவனிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஆட்டம் தொடரும்போதே ஒருவர் ஆதாரத்தைத் தேடுவார். விளம்பர இடைவேளையில் தீர்ப்பு வரும், நடத்துநர் அதை அறிவித்து மதிப்பெண்ணைச் சரிசெய்வார். கடைசிச் சுற்றில் மதிப்பெண்ணைப் பந்தயம் கட்டும் நிகழ்ச்சிகளில் இது அந்தச் சுற்றுக்கு முன்பே முடிந்தாக வேண்டும், ஏனென்றால் பந்தயத் தொகை எதிராளியின் மதிப்பெண்ணைப் பார்த்து முடிவாகிறது. பதிவு நிகழ்ச்சியில் படப்பிடிப்பையே நிறுத்தலாம். நேரலை வானொலியில் அது முடியாது. அங்கே, ‘இந்த விடை பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய், நிகழ்ச்சி முடிவதற்குள் தீர்ப்பைச் சொல்வதே முறை.

2020 ஜனவரி 10ஆம் தேதி ஒளிபரப்பான ‘ஜெப்பர்டி’ இந்தத் தீர்ப்பு முறை சரியாக நடப்பதையும் பிசகுவதையும் காட்டுகிறது. இயேசு பிறந்த இடத்தில் எழுப்பப்பட்ட தேவாலயம் எந்த நாட்டில் உள்ளது என்பது போன்ற கேள்வி. ஒருவர் ‘பாலஸ்தீனம்’ என்றார், தவறு எனப்பட்டது. மற்றொருவர் ‘இஸ்ரேல்’ என்றார், சரி எனப்பட்டது. பெத்லகேம் மேற்குக் கரையில் இருக்கிறது. பதிவின்போதே கேள்வி குறையுடையது என்று உணர்ந்து, அதை ரத்து செய்து, மதிப்பெண்களைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், மாற்றுக் கேள்வி கேட்டதாக நிகழ்ச்சியினர் பின்னர் விளக்கினர். அதுவரை நடந்தது முறையான தீர்ப்பு. தொகுப்பில் நேர்ந்த தவறால் ரத்தான பகுதியே ஒளிபரப்பானது. எனவே நடுவரின் தீர்ப்பு எழுத்தில் தொகுப்பு மேசைவரை போய், இறுதிப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிடப்பட வேண்டும்.

ஒளிபரப்புக்குப் பிறகு பிழை தெரிந்தால் இரண்டு நிலைமைகள். சரியாகச் சொன்னவர் தோற்கடிக்கப்பட்டிருந்தால் அவரைத் திரும்ப அழைப்பதே நியாயம். 2001 ஜனவரியில் அமெரிக்க ‘மில்லியனர்’ நிகழ்ச்சியில் எட் டூட்டன்ட் ஒரு கேள்வியில் வெளியேற்றப்பட்டார். கேள்வியில் குறை இருந்தது பின்னர் தெரிந்து, அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். முதல் முறை அவர் ஆடியபோது இருந்த உச்சப் பரிசுக்கே ஆட அனுமதிக்கப்பட்டு, 18.6 லட்சம் டாலர் வென்றார். விட்ட இடத்தில், அதே விதிகளோடு தொடர வைப்பதில்தான் இந்தத் தீர்ப்பின் நேர்மை இருக்கிறது.

இரண்டாவது நிலைமை நேரெதிர். 1999இல் பிரிட்டனின் ‘மில்லியனர்’ நிகழ்ச்சியில், டென்னிஸ் வீரர் ஒரு செட்டை வெல்லக் குறைந்தது எத்தனை அடிகள் தேவை என்று கேட்கப்பட்டது. 24 என்றவருக்கு ‘சரி’ கிடைத்தது: ஆறு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு நான்கு. ஆனால் ஆறில் மூன்று ஆட்டங்களில் பந்தைத் தொடங்குபவர் எதிராளி. அவர் தொடர்ந்து இரட்டைப் பிழை செய்தால் வீரர் மட்டையை வீசாமலேயே அந்த மூன்றையும் வெல்வார். தம்முடைய மூன்று ஆட்டங்களில் நான்கு நான்காக 12 அடிகள் போதும். கணக்குப் போட்டவர் விளையாட்டு விதியைக் கணக்கில் எடுக்கவில்லை. போட்டியாளர் 1,25,000 பவுண்டுவரை வென்றார், அந்தப் பணம் திரும்பக் கேட்கப்படவில்லை. பிழை தயாரிப்பாளருடையது என்பதால் அதன் சுமையும் அவருடையதே.

ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளி, கோயில், சங்க மேடைகளில் புதிர்ப்போட்டி நடத்துவோர் தோட்டங்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பழைய பெயர்களையும் பழைய இடங்களையும் இப்போதே அங்கு வாழ்ந்தவர்களிடம் கேட்டு, கேட்ட தேதியோடு பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.