"தண்ணியே குடிக்கல டாக்டர்!"

டயாலிசிஸ் வார்டுல நான் அடிக்கடி கேக்குற வசனம் இது. சொல்றவங்க பெரும்பாலும் பொய் சொல்றதில்ல. ஆனா எடை மெஷின் வேற கணக்கு சொல்லும்.

ஒருத்தரோட கணக்கைச் சொல்றேன். 55 வயசு, சர்க்கரை நோயால சிறுநீரகம் போச்சு. வாரம் இரண்டு டயாலிசிஸ். செவ்வாய் முடிச்சிட்டுப் போனவர் வெள்ளிக்கிழமை வந்தப்போ 4.2 கிலோ கூடியிருந்தார். நேத்து ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னு உட்கார்ந்தே தூங்கியிருக்கார்.

மூணு நாள்ல யாருக்கும் 4 கிலோ சதை போடாது. ஒரு லிட்டர் தண்ணீர்னா ஒரு கிலோ. அப்போ உடம்புல தேங்கினது சுமார் 4 லிட்டர். அதை 4 மணி நேரத்துல மெஷின் வேகமா உறிஞ்சினா பிரஷர் விழும், கால் நரம்பு இழுத்துப் பிடிக்கும். அன்னைக்கு அவருக்கு ரெண்டுமே நடந்துச்சு.

அவருக்கு நாங்க கொடுத்திருந்த அளவு ஒரு நாளைக்கு 700 மில்லி. பொதுவா போடுற கணக்கு இதுதான்: ஒரு நாள்ல போற சிறுநீர் (அவருக்கு 200 மில்லி), அதோட 500 மில்லி.

"கரெக்டா 700 மில்லி பாட்டில்தான் டாக்டர், அதுக்கு மேல ஒரு வாய் குடிக்கல"ன்னார். உண்மைதான். பக்கத்துல நின்ன அவரோட மனைவிகிட்ட, "அம்மா, காலைல இருந்து ராத்திரி வரை என்னென்ன கொடுப்பீங்க, சொல்லுங்க"ன்னேன்.

காபி, டீ மூணு வேளை: 360 மில்லி.
மதியம் டம்ளர்ல ரசம்: 120.
மோர்: 150.
ராத்திரி கஞ்சி: 200.
மாத்திரை போட: 70.

மொத்தம் 900. பாட்டிலோட சேர்த்தா 1,600 மில்லி. சிறுநீர்ல போற 200 கழிச்சா 1,400. மூணு நாளைக்கு 4,200. வேர்வையில போறதும், சோறு காய்ல இருக்கிற தண்ணியும் ஏறக்குறைய ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டிடும். மெஷின் சொன்ன 4.2 கிலோ அப்படியே வந்துருச்சு!

ஊத்த முடிஞ்சது எல்லாமே தண்ணிக் கணக்குதான். ஐஸ்கிரீம், ஐஸ்கட்டி கூட.

அவருக்குச் சொன்ன வழி: காலைல பாட்டில்ல 700 மில்லி நிரப்புங்க. காபி 120 குடிச்சீங்கன்னா பாட்டில்ல இருந்து 120 எடுத்துக் கீழ ஊத்திடுங்க. ரசத்துக்கும் கஞ்சிக்கும் அதே மாதிரி. பாட்டில் காலியானா அன்னைய கோட்டா முடிஞ்சது. மனக்கணக்கு வேண்டாம்.

"தாகம் தாங்கலையே டாக்டர்?"

நியாயமான கேள்வி. தாகத்தை அடக்கச் சொல்றதுக்கு முன்னாடி அது எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். இவருக்குக் கஞ்சியோட தினமும் ஊறுகாயும் மோர் மிளகாயும். சுமார் 8 கிராம் உப்பு, அதாவது ஒன்றரை டீஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். அந்தத் தண்ணி கிடைக்கிற வரைக்கும் மூளை தாகத்தை விடாது. உப்பைக் குறைக்காம தண்ணியை மட்டும் குறைக்கச் சொன்னா யாராலயும் முடியாது. சர்க்கரை ஏறியிருந்தாலும் இதே கதைதான்.

அதுக்காகக் கடையில விக்கிற சோடியம் குறைந்த உப்பு வாங்கிடாதீங்க. அதுல பொட்டாசியம் இருக்கு. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு இதயத்துடிப்பையே கெடுத்துடும். இளநீரும் அதே காரணத்தால வேண்டாம்.

வாய் வறண்டா குளிர்ந்த தண்ணில கொப்பளிச்சுத் துப்புங்க. சின்ன ஐஸ்கட்டி ஒண்ணை மெதுவா சப்பலாம், கணக்குல சேர்த்துக்கிட்டு. சின்ன டம்ளருக்கு மாறுங்க. மாத்திரையைச் சாப்பாட்டோட போடலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, தனித் தண்ணி மிச்சம்.

ரெண்டு வாரம் கழிச்சு அதே செவ்வாய்–வெள்ளி இடைவெளியில அவருக்குக் கூடினது 2 கிலோ. ஊறுகாயை விட்டதுக்கு அப்புறம் பாட்டில் சாயங்காலம் வரை தாங்குதுன்னு அவங்க மனைவி சொன்னாங்க.

இதயம் பலவீனமானவங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாருக்கும் தண்ணிக் கட்டுப்பாடு தேவையில்ல. நோய் நிலையா இருக்கிற பலருக்கு உப்பும் மாத்திரையும்தான் முக்கியம். நீங்களா குறைச்சா சிறுநீரகம் அடிவாங்கலாம். டாக்டர் அளவு சொல்லியிருந்தா மேல சொன்ன பாட்டில் வழி உங்களுக்கும் பொருந்தும். தினமும் காலைல சிறுநீர் கழிச்சதும், சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாருங்க. மூணு நாள்ல 2 கிலோ கூடினா அடுத்த செக்கப் வரை காத்திருக்காம கூப்பிடுங்க.

ரெண்டு பேருக்குமே: படுத்தா மூச்சு முட்டுதுன்னா காலை வரை உட்கார்ந்து சமாளிக்காதீங்க. அப்பவே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.