பீடத்துக்கு முதுகு காட்டாத பாட்டுத் தலைவர்கள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது தேஸே என்ற சிற்றூர். 1940-இல் சகோதரர் ரோஜே இங்கே வந்து தங்கினார். அவரைச் சுற்றி உருவான துறவுக் குழுவில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒன்றாக வாழ்கிறார்கள். கோடையில் வாரந்தோறும் பல நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகிறார்கள். இத்தனை பேரையும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வைப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

ஒப்புரவு ஆலயத்துக்குள் எல்லாரும் தரையில்தான் உட்கார்கிறார்கள். நடுவே வெள்ளை அங்கியில் சகோதரர்கள். மக்களைப் பார்த்துக் கையசைத்து நடத்துபவர் யாருமில்லை; பாட்டைத் தொடங்குபவரும் மற்றவர்களைப் போலப் பீடத்தை நோக்கியே இருக்கிறார். பலகையில் பாட்டின் எண் தெரிகிறது, ஒரு குரல் தொடங்குகிறது, இரண்டாம் சுற்றில் கூட்டம் சேர்ந்துகொள்கிறது.

1970-களில் வெளிநாட்டு இளைஞர்கள் பெருகியபோது, பிரெஞ்சு மொழிச் சங்கீதங்களைப் பாட அவர்களால் முடியவில்லை. சகோதரர் ராபர் சிறு வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, பாரிஸில் ஆர்கன் வாசித்துவந்த ஜாக் பெர்தியே அவற்றுக்கு மெட்டமைத்தார். பல பாடல்களுக்கு லத்தீன் வரிகள். அது யாருக்கும் தாய்மொழி இல்லை என்பதால் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து கற்கத் தொடங்கலாம். மெட்டு பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களில் நடக்கிறது. பெரிய தாவல்கள் குறைவு. ஒரு முறை கேட்டாலே பிடிபட்டுவிடும்.

மதிய வேளைப் பாட்டுப் பயிற்சியை அன்று நடத்தியவர் ஓர் இளம்பெண், இசை மாணவி. அவர் சட்டைப் பையில் ஒரு சுருதிக் கவை இருந்தது. அதைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்ட பிறகே முதல் சுரத்தைப் பாடினார். “என் குரலுக்கு எது வசதி என்று பார்க்கக் கூடாது. பாட்டின் உச்ச சுரத்தை ஓர் ஆணும் பெண்ணும் கத்தாமல் தொட முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்” என்றார். சுருதி ஏறிவிட்டால் இரண்டாம் சுற்றிலேயே தெரிந்துவிடுமாம். உச்சம் வரும்போது கூட்டத்தின் ஒலி பெருகாமல் மெலியும். பலர் அந்தச் சுரத்தை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைப்பார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேகம். நம்மூர் பஜனையில் திரும்பத் திரும்பப் பாடும்போது தாளம் ஏறிக்கொண்டே போகும். அதில்தான் அதன் உருக்கமே இருக்கிறது. இங்கே ஏறக் கூடாது, ஆனால் தானாகவே இறங்கும். பதினைந்து விநாடியில் முடிய வேண்டிய சுற்று, மெல்ல மெல்ல இருபது விநாடியை எட்டிவிடும். வரியின் கடைசியில் எல்லாரும் நிதானமாக மூச்செடுப்பதே காரணம். ஒவ்வொரு சுற்றும் அந்த இடத்தில் கொஞ்சம் நீள்கிறது. நீண்டால் ஒரே மூச்சில் வரியை முடிக்க முடியாது. மூச்சுக் குறைந்தால் சுருதியும் சரியும்.

இதற்கு அந்த மாணவி செய்வது ஒன்றே. மூச்செடுக்கும் இடத்துக்குப் பின் வரும் முதல் எழுத்தை, மைக்கை வாயருகே கொண்டுவந்து, சரியான நேரத்தில் தெளிவாகத் தொடுகிறார். பிறகு மைக்கை விலக்கிவிடுகிறார். தன் குரல் கூட்டத்துக்கு மேலே கேட்டால் மக்கள் பாடுவதை நிறுத்திக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள் என்றார். கிதாரும் கீபோர்டும் இருந்தால் சுருதி தாங்கும், வேகமும் தாங்கும். ஆனால் கிதாரில் கம்பிகளை மொத்தமாக அடிக்கக் கூடாது, ஒவ்வொன்றாக மீட்ட வேண்டும். நம் கோவில்களில் கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டுப் பாடும் பழக்கம் இந்தப் பாடல்களுக்கு ஒத்தேவராது என்பது என் எண்ணம். இயந்திரத் தாளம் மூச்சுக்கு இடம் விடாது.

‘வேனி சாங்க்தே ஸ்பிரித்துஸ்’ பாடலைப் பயிற்சியில் பிரித்துக் காட்டினார். தூய ஆவியை அழைக்கும் சிறு வரி அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். தனிக்குரல் அதன் மேலே வேறு வேறு மொழிகளில் வந்து போகும். தனிக்குரல் வரும்போது கூட்டம் தானாகவே நின்றுவிடுவதுதான் இதில் நிகழும் தவறு. முதலில் நாலைந்து சுற்றுத் தனிக்குரலே இல்லாமல் பாட வைத்தார். பிறகு, தனிக்குரல் வரும் இடத்தில் குழுவிடம் ஒலியைக் குறைக்க மட்டும் சொன்னார். நிற்காமல் ஓடியது.

முடிப்பது எப்போது? எண்ணிக்கை கிடையாது என்றார். மக்கள் தாளைப் பார்ப்பதை விட்டுக் கண்ணை மூடிய பின்னும் பல சுற்றுப் பாடலாம். வார்த்தைகள் மழுங்கி, குரல்கள் உதிரத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது. அதற்கு முன்பே, கடைசிச் சுரத்தின் மேல் ‘ஆமென்’ என்று பாடினால் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். இறங்கிவிட்ட சுருதியை நடுவில் தூக்க முயல்வதில்லை. முடித்துவிட்டு, கவையைத் தட்டி அடுத்த பாட்டைச் சரியாகத் தொடங்குகிறார்கள்.

பத்துப் பேர் மட்டும் வீட்டில் கூடினால் என்ன செய்வது என்று கேட்டேன். “நான்கு குரலாகப் பிரிக்காதீர்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில், ஒரே குரலில், கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் பாடுங்கள். வாசகம் முடிந்து ஒரு பாட்டு, அதன் பின் ஐந்திலிருந்து பத்து நிமிட மௌனம். மௌனம் வரப்போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அடுத்த பாட்டை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.”