24 மில்லிவினாடிப் படிக்கட்டு

போனும் ரவுட்டரும் ஒரே மேசையில்தான் இருந்தன. நடுவில் சுவரில்லை, அந்த அலைவரிசையில் வேறு நெரிசலும் இல்லை. அப்படியிருந்தும் ரவுட்டரிலிருந்து போனுக்கு வினாடிக்கு ஒன்றாகப் போன பிங் இப்படித் திரும்பி வந்துகொண்டிருந்தது:

```
icmp_seq=1 ttl=64 time=31.2 ms
icmp_seq=2 ttl=64 time=54.4 ms
icmp_seq=3 ttl=64 time=77.9 ms
icmp_seq=4 ttl=64 time=101 ms
icmp_seq=5 ttl=64 time=21.6 ms
icmp_seq=6 ttl=64 time=44.8 ms
```

"சிக்னல் சரியில்லையோ?" என்றேன்.

"சிக்னல் கெட்டா நேரம் தாறுமாறா வரும், தம்பி. இது படிக்கட்டு மாதிரி ஏறுது பாருங்க. ஏறி முடிச்சதும் கீழ இறங்கி மறுபடி ஏறுது" என்றார் அண்ணன். வைஃபை கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதே அவர் வேலை. வீட்டு மாடியறையில் அவர் வைத்திருந்த ரவுட்டர்கூட கடையில் வாங்கியதில்லை. லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி ஒன்றில் `hostapd` போட்டு அவரே அமைத்துக்கொண்டது. வேண்டிய எண்ணை வேண்டியபடி மாற்றிப் பார்க்கலாம் என்பதற்காக அப்படி.

ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 23, 24 மில்லிவினாடி. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் வயர்ஷார்க்கைத் திறந்தார். காற்றில் போகும் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கும்படி இன்னொரு வைஃபை அடாப்டரை ஏற்கெனவே மானிட்டர் முறையில் வைத்திருந்தார். கடவுச்சொல் போட்ட நெட்வொர்க்கில் உள்ளே போகும் தகவல் மறைந்திருக்கும். ஆனால் பாக்கெட்டின் தலைப்பகுதியும் ரவுட்டரின் பீக்கனும் வெளிப்படையாகவே பறக்கின்றன. நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பீக்கன் என்பது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ரவுட்டர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் அறிவிப்பு. அமைப்புக் கோப்பில் அதன் இடைவெளி `beacon_int=100` என்றிருந்தது. 100 மில்லிவினாடி என்று படித்துவிடக் கூடாது. இங்கே ஓர் அலகு 1024 மைக்ரோவினாடி. ஆகவே இரண்டு பீக்கன்களுக்கு நடுவே 102.4 மில்லிவினாடி. இந்த 2.4 என்ற எச்சம் பின்னால் வேலைக்கு வரும்.

திரையில் போன் அனுப்பிய ஒரு சின்னப் பாக்கெட்டை அண்ணன் சுட்டினார். உள்ளே தகவல் எதுவும் இல்லை, வெறும் தலைப்பகுதி மட்டும். அதில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற ஒரு பிட் 1 ஆக இருந்தது. 'நான் தூங்கப் போகிறேன், எனக்கு வருவதை வைத்துக்கொள்' என்று ரவுட்டருக்குச் சொல்ல இந்த ஒரு பிட் போதும். அதன்பின் போன் தன் ரேடியோவை அணைத்துவிடுகிறது. அனுப்புவதும் இல்லை, கேட்பதும் இல்லை. ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாலே மின்சாரம் செலவாகும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வீட்டுக் கருவிகளில் பரவலாக இருக்கும் ஈ.எஸ்.பி.32 சில்லின் தரவுத்தாள், வைஃபையில் கேட்கும்போது 95 முதல் 100 மில்லிஆம்பியர் வரை ஆகும் என்கிறது. அதே சில் லேசான தூக்கத்தில் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும்.

தூங்கும் போனுக்கு வந்த பிங்கை ரவுட்டர் தன்னிடமே நிறுத்தி வைக்கிறது. வந்திருக்கிறது என்று எப்படித் தெரிவிப்பது? நெட்வொர்க்கில் சேரும்போதே ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுத்துவிடும். பீக்கனுக்குள் டிம் என்றொரு பகுதி உண்டு, அதில் எண்ணுக்கு ஒரு பிட். விடுதி வாசல் பலகையில் கடிதம் வந்த அறைகளின் எண்ணை மட்டும் எழுதிப் போடுவதுபோல, யாருக்குப் பாக்கெட் காத்திருக்கிறதோ அவர் பிட் மட்டும் 1 ஆகும். போன் பீக்கன் வரும் நேரத்துக்குச் சற்று முன் விழித்துக்கொள்ளும். தன் பிட்டைப் பார்க்கும். 0 என்றால் மறுபடி தூக்கம். 1 என்றால், விழித்துவிட்டதாக பவர் மேனேஜ்மென்ட் பிட்டை 0 ஆக்கி ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்பும், காத்திருந்ததெல்லாம் வந்து சேரும். ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் பழைய முறையும் தரநிலையில் இருக்கிறது. இந்தப் போன் அந்தப் பக்கம் போகவேயில்லை.

விழித்திருக்கும் நேரம் எவ்வளவு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். பீக்கன் சுமார் 300 பைட். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது வினாடிக்கு ஒரு மெகாபிட் என்ற மிகப் பழைய வேகத்தில் போகிறது. ஆக, காற்றில் ஏறத்தாழ 2.6 மில்லிவினாடி. 102.4க்கு 2.6 என்றால் நூற்றுக்கு இரண்டரை. முன்கூட்டி விழிப்பதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும் மீதி நேரமெல்லாம் ரேடியோவுக்கு ஓய்வுதான். நெரிசலான அடுக்குமாடியில் இந்தக் கணக்கு கெடும். அலைவரிசை காலியாகும்வரை ரவுட்டர் பீக்கனைத் தள்ளிப்போடும், அதற்காக விழித்த போன் அதுவரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது படிக்கட்டுக்கு வரலாம். பிங் 1000 மில்லிவினாடிக்கு ஒருமுறை போகிறது, பீக்கன் 102.4க்கு ஒருமுறை. பத்து பீக்கன் முடிய 1024 மில்லிவினாடி ஆகிறது. எனவே அடுத்த பிங், முந்தைய பிங் வந்த இடத்தைவிட 24 மில்லிவினாடி முன்னதாக வந்து நிற்கிறது. அடுத்த பீக்கனுக்காக அது அவ்வளவு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு 102ஐத் தொட்டதும் ஒரு முழு பீக்கன் குறைந்து, எண்ணிக்கை கீழே இறங்கி மறுபடி ஏறுகிறது. பிங் கட்டளையின் இடைவெளி ஒரு வினாடிக்கு ஒரு மில்லிவினாடி போல அதிகமாக இருந்ததால் திரையில் 24க்குப் பதில் 23 சொச்சம் வந்தது.

அண்ணன் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினார்:

```
dtim_period=3
```

ரவுட்டரை மறுபடி கிளப்பி, போனின் திரையை அணைத்துவிட்டு பிங் போட்டார். 262, 183, 103, 24, 252, 172. இம்முறை படி இறங்குகிறது, அதுவும் எண்பது எண்பதாக. திரை அணைந்ததால் போன் எல்லா பீக்கனையும் கேட்பதை விட்டுவிட்டு, மூன்றுக்கு ஒன்றாக வரும் டிடிம் பீக்கனை மட்டும் கேட்கிறது. அதாவது 307.2 மில்லிவினாடிக்கு ஒருமுறை. ஒரு வினாடியில் மூன்று முறை போக மிச்சம் 78.4. ஒவ்வொரு பிங்கும் அவ்வளவு தாமதித்து வந்து, அவ்வளவு குறைவாகக் காத்திருக்கிறது. ரவுட்டரின் அமைப்பைத் திறக்காமலே, பிங் நேரத்தை மட்டும் பார்த்து, எதிரிலிருக்கும் கருவி எத்தனை பீக்கனுக்கு ஒருமுறை விழிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பிறகு பிங் இடைவெளியைக் குறைத்தார்:

```
sudo ping -i 0.05 10.0.0.23
```

எல்லாம் மூன்று, நான்கு மில்லிவினாடியில் திரும்பின. படிக்கட்டே காணோம். போன் கடைசிப் பாக்கெட்டுக்குப் பிறகு உடனே தூங்குவதில்லை என்பதே காரணம். வயர்ஷார்க்கில் பார்த்தால், இந்தப் போன் ஏறத்தாழ 200 மில்லிவினாடி சும்மா விழித்திருந்துவிட்டுத்தான் தூங்கப் போகும் செய்தியை அனுப்புகிறது. இந்த நேரம் சில்லுக்குச் சில் மாறும். லினக்ஸின் வைஃபை அடுக்கில் அதன் இயல்பு மதிப்பு 100 மில்லிவினாடி. 50 மில்லிவினாடிக்கு ஒருமுறை தட்டினால் அந்தக் கெடு முடிவதே இல்லை.

ஏன் இந்த வெட்டி விழிப்பு? பாக்கெட் அனுப்பியதும் தூங்கிவிட்டால், 20 மில்லிவினாடியில் வரவேண்டிய இணையதளப் பதில் அடுத்த பீக்கன்வரை ரவுட்டரில் கிடக்கும். ஒவ்வொரு போக்குவரத்தும் நூறு நூறாக உயர்ந்துபோகும். எம்.ஐ.டி.யின் ரானி கிரஷின்ஸ்கியும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் 2002இல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் அளந்து காட்டியது. அதற்கு மாற்றாக வந்த காத்திருப்பில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. வினாடிக்கு ஒரு குட்டிப் பாக்கெட் அனுப்பும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் காற்றில் இருப்பது ஒரு மில்லிவினாடிகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் 200 மில்லிவினாடி விழிப்பு. நூற்றுக்கு இரண்டரையாக இருந்தது இருபதைத் தாண்டிவிடும். பேட்டரியைத் தின்பது எவ்வளவு தரவு என்பதைவிட எவ்வளவு அடிக்கடி என்பதுதான். அப்படிப் பார்த்தால், எங்கள் பிங்கே போனை அநியாயமாக விழிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப டிடிமை பத்துன்னு வச்சா பேட்டரி இன்னும் நிக்குமே?" என்று கேட்டேன். பெரும்பாலானோருக்குத் தோன்றுவது அதுதான். இணையத்திலும் அப்படி மாற்றச் சொல்லும் அறிவுரைகள் நிறையவே உண்டு.

அண்ணன் பத்து என்று மாற்றினார். மடிக்கணினியை இணைத்து, அதன் தூக்கத்தை முழுவதும் நிறுத்தினார்:

```
sudo iw dev wlan0 set power_save off
```

போனைத் துண்டித்துவிட்டு, ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு `arping -b` மூலம் எல்லோருக்குமான அறிவிப்பாகக் கேள்வி அனுப்பினார். இரண்டு, மூன்று மில்லிவினாடியில் பதில். பிறகு போனைச் சேர்த்துத் திரையை அணைத்தார். போன் தூங்கிய மறுகணம் மடிக்கணினியின் பதில் 412, 436, 460 என்று ஏறத் தொடங்கியது. மடிக்கணினி விழித்துத்தான் இருக்கிறது. ஆனால் நெட்வொர்க்கில் ஒரே ஒருவர் தூங்கினாலும், எல்லோருக்குமான பாக்கெட்டை ரவுட்டர் அடுத்த டிடிம் பீக்கன்வரை நிறுத்தி வைத்து, அதன் பின்தான் அனுப்பும். தூங்குபவரையும் சேர்த்துத்தானே 'எல்லோரும்'? பத்து பீக்கன் 1024 மில்லிவினாடி, கேள்வி 1000க்கு ஒருமுறை. அதே 24தான். இந்தத் தடவை படிக்கட்டு நாற்பது படிக்கு மேல் நீளம்.

டிவியில் படம் போட போன் டிவியைத் தேடுவதும், பிரிண்டரைக் கண்டுபிடிப்பதும் இந்த வழியில்தான் நடக்கின்றன. டிடிம் பத்து வைத்த வீட்டில் பிரிண்டர் சிலநேரம் தெரியும், சிலநேரம் தெரியாது. இன்னொரு கேடும் உண்டு. எல்லோருக்குமான பாக்கெட்டுக்குப் பெற்றுக்கொண்டதாக யாரும் ஒப்புகை தருவதில்லை, எனவே அதை ரவுட்டர் மறுபடி அனுப்பாது. அந்த ஒரு பீக்கனைத் தவறவிட்ட கருவிக்கு அது போனது போனதுதான். முகவரி கேட்கும் கேள்வியே இப்படித் தொலைந்தால், இணைப்பில் இருக்கும் கருவிக்கே `Destination Host Unreachable` என்று வரும்.

வைஃபை 6இல் கருவியும் ரவுட்டரும் விழிக்கும் நேரத்தைத் தனியாகப் பேசி வைத்துக்கொள்ள வழியிருக்கிறது. அப்படிப் பேசிக்கொண்ட கருவி ஒவ்வொரு பீக்கனுக்கும் எழ வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் சின்னக் கணினி அதற்கு ஒத்துவராது.

அவர் தன் வீட்டில் செய்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. போன், டிவி, பிரிண்டர் எல்லாம் இருக்கும் நெட்வொர்க்கில் டிடிம் 2. பேட்டரியில் ஓடும் தண்ணீர்த்தொட்டி சென்சாருக்கும் கதவு சென்சாருக்கும் அதே ரவுட்டரில் வேறு பெயரில் இரண்டாவது நெட்வொர்க், அதில் 10. `hostapd` ஒவ்வொரு பெயருக்கும் தனி எண் வைக்க விடுகிறது. அந்தப் பக்கம் பிரிண்டரைத் தேட யாரும் இல்லை.