உப்பளப் படங்களுக்கு எழுதிய வரிகள்

ஜூலை 6

தம்பி படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பிவிட்டுப் போயிருக்கிறான். வேப்பலோடை, ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் இரண்டு பருவம் அலைந்து எடுத்தவை. அடுத்த மாதம் தூத்துக்குடியில் ஒரு நூலக அரங்கில் வைக்கப்போகிறோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சின்ன அட்டை. அதில் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. "எல்லாத்துக்கும் ஒரே தமிழ் வேண்டாம்க்கா. படம் கேக்குற தமிழைக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

துக்கமும் கம்பீரமும் என்றால் எழுத்துத் தமிழ், சிரிப்பும் குறும்பும் என்றால் பேச்சுத் தமிழ் என்று ஒரு பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. பத்திரிகையில் இருந்தபோது நானும் இந்தக் கணக்கில்தான் வரி எழுதுவேன். இந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க அந்தக் கணக்கு போதாது என்றே தோன்றுகிறது. படத்தின் மனநிலை என்பது மகிழ்ச்சியா துயரமா என்பதோடு முடிவதில்லை. பார்க்கிறவரைப் படம் எவ்வளவு கிட்டத்தில் நிற்கவைக்கிறது என்பதும் அதில் சேர்த்தி.

ஜூலை 7

முதலில் விடியற்காலைப் படம். வெயிலுக்குத் தப்ப ஆட்கள் இருட்டிலேயே அளத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் வருவதற்கும் முன்னால் எடுத்தது இது. பாத்திகள், வரப்புகள், பின்னால் வெள்ளையாய் அம்பாரம். மனிதர் யாருமில்லை.

இரண்டு வகையாகவும் எழுதிப் பார்த்தேன். "விடியுறதுக்கு முன்னாடியே வெளுத்துக் கெடக்கு." காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்த மறுநொடியே கண் படத்துக்குள் ஆளைத் தேடுகிறது, இதைச் சொன்னது யார் என்று. பேச்சுத் தமிழ் எழுத்தில் வந்தால் கூடவே ஒரு வாயும் வந்து நிற்கும். ஆளில்லாத படத்தில் அந்த வாய்க்கு இடமில்லை. "விடியலுக்கு முன்பே வெளுத்துக் கிடக்கும் நிலம்" என்று எழுதினால் சொல்பவர் மறைந்து நிலம் மட்டும் நிற்கிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

"உவர்நிலத்தின் வெண்பட்டுப் போர்வை" என்று ஒரு வரி நடுவில் வந்தது. உடனே அடித்தேன். எழுத்துத் தமிழ் என்றதும் கை தானாக அலங்காரத்துக்குப் போய்விடுகிறது. எழுத்துத் தமிழ் எளிமையாகவும் இருக்கும் என்பதை வரிக்கு வரி நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 9

பெண்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து டீக்குக் காத்திருக்கும் படம். ஒருத்தர் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். தம்பி அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எடுத்திருக்கிறான். பார்க்கிற நமக்கும் அங்கே ஓர் இடம் போட்ட மாதிரி இருக்கிறது.

"தேநீர் இடைவேளையில் கதை பேசி மகிழும் பெண் தொழிலாளர்கள்." இதில் பிழை எதுவும் இல்லை, ஆனால் துறை அறிக்கையின் வாடை அடிக்கிறது. அவர்கள் சிரிப்பதை அடுத்த கட்டடத்து மாடியிலிருந்து யாரோ குறித்துக்கொண்டது போல. "டீ வர்றதுக்குள்ள ஒரு கதை முடிஞ்சிரும்" என்றதும் அந்த நிழலுக்குள் போய்விட முடிகிறது.

பேச்சுத் தமிழ் என்று முடிவானதும் அடுத்த தொல்லை: எப்படி எழுதுவது? வர்றதுக்குள்ள, வரதுக்குள்ள, வாரதுக்குள்ள என மூன்றும் புழக்கத்தில் உண்டு. இந்தப் பக்கத்து வாயில் வருவது "வாரதுக்குள்ள"தான். சிரிக்கிறாங்க என்பதும் இங்கே "சிரிக்காங்க"தான். ஊர்க்காரருக்கு இது வீட்டுப் பேச்சு. சென்னையிலிருந்து வருகிறவர் "சிரிக்காங்க" என்று பார்த்தால் நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று என்று நினைப்பார். வரி அந்த இடத்தில் நின்றுவிடும். படத்தை விட்டுவிட்டு எழுத்தை ஆராயத் தொடங்கிவிடுவார்.

ஒரு வரியில் வட்டாரச் சாயல் ஓரிடத்தில் இருந்தால் போதும், மற்றதை எல்லோருக்கும் பழகிய பேச்சு எழுத்தில் எழுதலாம் என்று வைத்துக்கொண்டேன். அதன்படி "டீ வாரதுக்குள்ள ஒரு கதை முடிஞ்சிரும்." கண்காட்சி தூத்துக்குடியில் நடக்கிறது, "வாரதுக்குள்ள" இருக்கட்டும்.

ஜூலை 10

இன்று எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியில் நிறுத்தினார். "அதிகாலையிலிருந்தே உப்பு வாருறாங்க." "முன்பாதி ரேடியோ செய்தி, பின்பாதி நம்ம தெரு" என்றார். அதிகாலையிலிருந்தே என்று தொடங்கினால் வாருகிறார்கள் என்று முடிய வேண்டும். வாருறாங்க என்று முடிய வேண்டுமென்றால் "விடியக்காலத்துலேருந்து" என்று தொடங்க வேண்டும். எழுதும்போது கண் இதைப் பிடிப்பதில்லை, வாய்விட்டு வாசித்தால் குரல் நடுவில் மாறுவது உடனே கேட்கிறது.

நான் பார்த்தவரை இந்தச் சறுக்கல் பெரும்பாலும் வினைமுடிவிலும் வேற்றுமை உருபிலும்தான் வருகிறது. பாத்தியில், பாத்தில; நிற்கிறார், நிக்கிறாங்க. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் வரி எந்தப் பக்கமும் சாய்வதில்லை. லாரியில் உப்பேற்றும் படத்துக்கு மனநிலை என்று தனியாக எதுவுமில்லை. அதற்கு "கடைசி லாரி, ஆறுமுகநேரி" என்று மட்டும் எழுதினேன். வினையே இல்லை, எந்தத் தமிழ் என்ற கேள்வியும் எழவில்லை. படத்தில் தயக்கம் இருந்தால் இந்த வழி கைகொடுக்கும். ஆனால் எல்லா அட்டையும் இப்படியே இருந்தால் அரங்கம் பெயர்ப்பட்டியலாகிவிடும்.

ஜூலை 13

மழைப் படத்தை எடுத்து வைத்துவிட்டு நாளெல்லாம் வேறெதையும் தொடவில்லை.

மே மாதத்தில் பெய்த மழை. வார வேண்டிய உப்பு பாத்தியிலேயே கரைந்து, தண்ணீர் சாம்பல் நிறமாய்த் தேங்கியிருக்கிறது. வரப்பில் ஒருவர் நிற்கிறார், தோளில் துண்டு, கையில் வாருபலகை. முகம் நம் பக்கம் இல்லை. இத்தனை நாள் நீர் பாய்ச்சிக் காத்திருந்தது போய்விட்டது. பாத்தியைச் சீர்செய்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

துயரம் என்பதால் கை எழுத்துத் தமிழுக்குத்தான் போயிற்று. "கண்முன்னே கரைந்த உழைப்பு." சுவரொட்டித் தலைப்பு மாதிரி இருக்கிறது. "பருவம் தவறிய மழையால் உப்பு கரைந்துவிட்டது." இது செய்தி, நடந்ததைச் சொல்கிறது, நிற்கிற ஆளைச் சொல்லவில்லை. துக்கத்துக்கென்று நம் எழுத்துத் தமிழில் ஏற்கெனவே தயாராகக் கிடக்கும் சொற்கள் அதிகம். இரங்கல் சுவரொட்டிகளில் பார்த்துப் பார்த்து அவற்றின் முனை மழுங்கிவிட்டது. எதை எடுத்தாலும் இந்த ஒரு மனிதருக்கு உரியதாக வருவதில்லை.

சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்து அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் நடக்கலக்கா. அவர் பாட்டுக்கு நின்னாரு. பெய்ஞ்சிருச்சுன்னு சொன்னாரு, அவ்வளவுதான்."

"பெய்ஞ்சிருச்சு."

பெய்துவிட்டது என்பதும் இலக்கணப்படி இதேதான். ஆனால் விட்டது என்று முழுதாக எழுதும்போது சொல் நிதானமாக நடந்துபோய் முடிகிறது. ருச்சு என்று சுருங்கும்போது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பது அந்த ஓர் ஒலிக்குள் அடங்கிவிடுகிறது. போயிருச்சு, ஆயிருச்சு, முடிஞ்சிருச்சு என்று நாம் நாள்தோறும் கைவிட்டுச் சொல்லும் சொற்கள் எல்லாம் இந்த அச்சில் வருபவைதான். அட்டையில் அந்த ஒரு சொல் மட்டும், மேற்கோள் குறிக்குள். கீழே சின்ன எழுத்தில் "வேப்பலோடை, மே மாத மழைக்குப் பின்" என்று எழுத்துத் தமிழில் ஒரு தகவல். அது இல்லாவிட்டால் தேங்கி நிற்பது கடல்நீர் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள்.

ஜூலை 15

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலை மறுபடி புரட்டினேன். இதே தூத்துக்குடி உப்பளத்து மக்களைப் பற்றியது. கதையை அவர் எழுத்துத் தமிழில் சொல்கிறார், பாத்திரங்கள் வாய் திறந்தால் வட்டாரப் பேச்சு. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் வேறு மாதிரி. கதை சொல்கிற குரலிலேயே கரிசல் பேச்சைக் கொண்டுவந்துவிட்டார். ஒருவரிடம் பேச்சு பாத்திரத்துக்குச் சொந்தம், இன்னொருவரிடம் சொல்கிறவருக்கே சொந்தம்.

அட்டை எழுதுகிற எனக்கும் இந்த இரண்டு வழிதான். மேற்கோள் குறி போட்டால் அது படத்திலிருப்பவர் சொன்னதாக இருக்க வேண்டும். அவர் சொல்லாததை அவர் பேச்சில் நான் எழுதிக் குறி போடுவது தவறு. டீ வரிக்குக் குறி கிடையாது, அது என் பேச்சு. மழை வரிக்கு உண்டு.

ஜூலை 17

பாதங்களின் படம். உப்புநீரில் நின்று நின்று வெடித்த குதிகால், வெடிப்புக்குள் வெள்ளைப் பொடி. "உவர்நீரில் வெந்த பாதங்கள்" என்று எழுதி வைத்திருந்தேன். மோசமில்லை. ஆனால் படம் ஒரு சாண் தூரத்தில் எடுத்தது, வரியோ எட்டி நின்று இரக்கப்படுகிறது.

தம்பி படத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவையே பார்க்கப் போனான். அரங்கில் வைக்கச் சம்மதமா என்று எப்படியும் கேட்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டு அவர், "பகல்ல தெரியாதுய்யா. ராத்திரிதான் காந்தும்" என்றாராம். அதை அப்படியே அட்டைக்கு எடுத்துக்கொண்டேன், "ய்யா" உட்பட. அந்த "ய்யா" தம்பியோடு அவர் பேசியது என்பதைக் காட்டுகிறது. இப்போது படிக்கிறவரோடும் பேசுகிறார்.

அவருடைய முகப்படத்துக்கு மட்டும் எழுத்துத் தமிழ்தான். நேரே கேமராவைப் பார்த்து, முக்காடு காற்றில் பறக்க, நிமிர்ந்து நிற்கிறார். அவரைப் பற்றி நான் பேச்சுத் தமிழில் எழுதினால் "நிக்கிறா"வா "நிக்கிறாங்க"ளா என்று உறவைத் தீர்மானித்தாக வேண்டும். முதலாவது எனக்கு உரிமையில்லாத நெருக்கம். இரண்டாவது மரியாதைதான், ஆனால் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து சொல்வது போல இருக்கிறது. அந்தப் பார்வை யாரையும் அவ்வளவு கிட்டே விடவில்லை. "நாற்பது ஆண்டுகளாக இந்த அளத்தில் உப்பு வாருகிறார்." ஒற்றை 'ஆர்' விகுதியில் மரியாதையும் தூரமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

ஜூலை 21

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. அங்கே யாரோ நல்லெண்ணத்தோடு "திருத்தி" அனுப்பியிருக்கிறார்கள்: பெய்ஞ்சிருச்சு என்பது பெய்துவிட்டது ஆகியிருக்கிறது, காந்தும் என்பது எரியும் ஆகியிருக்கிறது, வாரதுக்குள்ள என்பது வருவதற்குள் ஆகியிருக்கிறது. அந்த வரியின் கடைசியில் முடிஞ்சிரும் என்பதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்பா பிடித்த அதே ஒட்டுத்துணி.

மூன்று அட்டைகளையும் பழையபடி எழுதி, ஓரத்தில் சிவப்பு மையில் "பேச்சு வழக்கு. பிழையில்லை. அப்படியே அச்சிடவும்" என்று குறித்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். எழுத்துத் தமிழ் அட்டைகளில் ஒற்று விட்டுப்போன இடம் ஒன்று இருந்தது. "வெளுத்து கிடக்கும்" என்று வந்திருக்கிறது, நடுவில் 'க்' வேண்டும். அதையும் குறித்தேன்.