ஐந்தைவிடச் சிறிய முப்பத்தொன்று

மாதத்தில் 5 நாட்களுக்கு மேல் பதிவுள்ள மழைமானி நிலையங்களை மட்டும் ஆய்வுக்குப் பிரித்தெடுக்க ஒரு பாஷ் நிரல் எழுதினேன்.

```bash
if [ $n > 5 ]
```

எல்லா நிலையங்களும் தேறின. கோப்புறையில் `5` என்ற பெயரில் வெற்றுக் கோப்பொன்று முளைத்திருந்தது. ஒற்றை அடைப்புக்குள் `>` ஒப்பீட்டுக் குறியன்று. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் குறி. எஞ்சிய `[ $n ]`, மதிப்பு வெறுமையாக இல்லாதவரை மெய்யே.

`[[ $n > 5 ]]` என்று திருத்தினேன். கோப்பு முளைக்கவில்லை, பிழையோ நீங்கவில்லை. இரட்டை அடைப்புக்குள் `>` எண்களையும் எழுத்துகளாகக் கொண்டு அகராதி வரிசையில் ஒப்பிடுகிறது. 31இன் முதலெழுத்தாகிய 3, 5க்கு முந்தியது. ஆகவே மாதம் முழுதும் பதிவுள்ள நிலையங்கள் விலக்கப்பட்டன. 6 முதல் 9 நாட்கள் வரை பதிவுள்ளவை மட்டுமே தங்கின. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

வரைபடத்தைக் கண்ட நெறியாளர், "முழுப் பதிவுள்ள நிலையங்கள் எங்கே?" என்று வினவியபோதுதான் விழித்துக்கொண்டேன். இரண்டு மாத உழைப்பை மீண்டும் செய்ய நேர்ந்தது.

இப்போது `[[ $n -gt 5 ]]` அல்லது `(( n > 5 ))` என்றே எழுதுகிறேன். எழுதியதும் 10ஐ இட்டுச் சோதிக்கிறேன். 4, 6 என ஓரிலக்க எண்களை மட்டும் இட்டால் விடை சரியாகவே வரும். இப்பிழை ஈரிலக்கத்தில்தான் வெளிப்படும்.