வாரமா, குத்தகையா? சத்தி ரோட்டில் ஒரு ஃபுட் கோர்ட் கணக்கு

சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலைப் பேருந்துகளில் மல்லிகைக் கூடையும் வாழையிலைக் கட்டும் ஏறும். புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம் தாண்டி, சுமார் 65 கிலோமீட்டரில் கோவை வந்துவிடும். சரவணம்பட்டியின் ஐ.டி. கட்டடங்களைக் கடந்தால், இதே சத்தி ரோட்டில் சிவானந்தபுரத்தில் 2017-ல் திறந்த புரோஜோன் மால். சத்தி, புளியம்பட்டிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ‘மாலுக்குப் போறது’ என்றால் பெரும்பாலும் இதுதான்.

வழியில் புளியம்பட்டிச் சந்தையில் கடை போடுபவருக்குக் கணக்கு சுலபம். சுங்கத்தைக் கட்டினால் போதும். எவ்வளவு விற்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மால்களின் ஃபுட் கோர்ட்டில் பரோட்டாக் கல் போடுபவருக்கு அப்படி இல்லை. அங்கே பொதுவாக வாடகை என்பது விற்பனையில் ஒரு பங்கு.

கொங்கு விவசாயிக்கு இது புதிதல்ல. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் விளைந்தாலும் காய்ந்தாலும் பேசிய தொகையைக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு எடுத்தால் விளைச்சலில் பங்கு. மழை பொய்த்தால் நிலக்காரருக்கும் நஷ்டம். மால் ஒப்பந்தம் வாரம் மாதிரிதான் பேச ஆரம்பிக்கும். இரண்டாம் பக்கத்தில்தான் ‘குறைந்தபட்ச உத்தரவாதம்’ என்று ஒரு வரி வரும். பங்கு, உத்தரவாதத் தொகை, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். நல்ல மாதத்தில் வாரம், மோசமான மாதத்தில் குத்தகை!

ஒரு உதாரணம். மாலுக்கு மால் எண்கள் மாறும். இவை கணக்குப் புரிவதற்காக மட்டும். பங்கு 18 சதவிகிதம், உத்தரவாதம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 90,000-ஐ 18 சதவிகிதத்தால் வகுத்தால் 5 லட்சம். கடைக்காரர் மனதில் எழுதிக்கொள்ள வேண்டிய எண் இதுதான். விற்பனை இதற்குக் கீழே இறங்கினால் வாடகை இறங்காது.

பள்ளித் தேர்வு நடக்கும் மாதம், விற்பனை மூன்றரை லட்சம்தான். அரிசி, கோழி, எண்ணெய்க்கு 35 சதவிகிதம், அதாவது 1,22,500. மூன்று ஆட்களின் சம்பளமும் கேஸும் 1,10,000. ஏ.சி., துப்புரவு, மேஜை துடைப்பது எல்லாம் சேர்ந்த பராமரிப்புக் கட்டணம் 25,000. வாடகை 90,000. வாடகை மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 16,200. கூட்டினால் 3,63,700. முதலாளி தனக்கென்று ஒரு ரூபாய்கூட எடுக்காமலேயே 13,700 கைவிட்டுப் போகிறது. பேசியது 18 சதவிகிதம். கட்டியதோ வரி சேர்க்காமலே 26 சதவிகிதத்துக்குப் பக்கம். அதே கடை 5 லட்சத்துக்கு விற்ற மாதத்தில், இதே செலவுகளோடு 83,800 மிஞ்சும்.

அந்த 16,200-ஐ பலரும் கவனிப்பதில்லை. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்கள் வாடிக்கையாளரிடம் 5 சதவிகித ஜி.எஸ்.டி. வாங்குகின்றன. அதற்குப் பதிலாக, தாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை இல்லை. பக்கத்தில் துணிக்கடை நடத்துபவர் வாடகை வரியைக் கழித்துக்கொள்வார். சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அது முழுச் செலவு.

அடுத்த சிக்கல், ‘விற்பனை’ என்றால் எது என்பது. ஆப் மூலம் 200 ரூபாய் பிரியாணி போகிறது. ஆப் நிறுவனம் 25 சதவிகிதம் எடுத்தால் 50 ரூபாய் போச்சு. மால் தன் 18 சதவிகிதத்தை மீதி 150-க்குக் கேட்காமல், பில்லில் உள்ள 200-க்கும் கேட்டால் 36. பொருட்செலவு 70. மிச்சம் 44 ரூபாயில் டப்பா, வாடகை வரி, ஆள் கூலி எல்லாம் அடங்க வேண்டும். கூட்டம் நிற்கும், கல்லா நிற்காது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும்: ஜி.எஸ்.டி. கழித்த தொகைக்குத்தானே பங்கு? ஆஃபரில் விட்டுக்கொடுத்த பணத்துக்கும் பங்கு உண்டா? ஆப் ஆர்டருக்குத் தனி விகிதம் கிடைக்குமா? கடை திறந்த பிறகு கேட்டால் பதில் வராது.

விற்பனையை மறைக்கலாமே என்று தோன்றலாம். பல இடங்களில் பில் மெஷின் மால் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும். சில இடங்களில் பணமே கடைக்காரர் கைக்கு வராது. பொது கவுன்டரில் கார்டில் பணம் ஏற்றி வாங்குகிற முறை. மால் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை சில நாள் கழித்து அனுப்பும். ஆனால், சத்தியிலிருந்து வரும் இலைக்காரருக்கு அன்றைக்கே காசு வேண்டும். லாபத்தில் ஓடுகிற கடைகூட இந்த இடைவெளியில் தடுமாறும். பதினைந்து நாள் கொள்முதலுக்கான பணத்தைத் தனியே வைத்துக்கொண்டுதான் கல்லைப் பற்றவைக்க வேண்டும்.

அனுபவஸ்தர்கள் மாதக் கடைசி வரை காத்திருப்பதில்லை. 5 லட்சத்தை முப்பதால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 16,700. செவ்வாய், புதனில் அவ்வளவு ஓடாது. சனி, ஞாயிறுதான் ஈடுகட்ட வேண்டும். இரண்டாவது ஞாயிறு இரவு மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தாலே அந்த மாதம் வாரமா, குத்தகையா என்று தெரிந்துவிடும்.