3,490 ரூபாக் கேத்தலின் உண்மையான விலை

இணையக் கடையொன்றில் பொருளின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருக்கிற இலக்கம் விலை இல்லை. அது விலையின் முதல் துண்டு மட்டும்தான். மிச்சத் துண்டுகள் முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் நிரப்பி முடிஞ்ச பிறகு கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வரும். டெலிவரி, பக்கிங், ஹாண்ட்லிங், பொதி கையில் வரும்போது காசு கொடுப்பதற்கென்று தனியாக ஒரு சீ.ஓ.டி கட்டணம். ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பது என்று சின்னதாகத்தான் இருக்கும். அதனாலேயே யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

போன மாதம் எங்கள் வாடகை அறைக்கு ஒரு மின்கேத்தல் தேவைப்பட்டது. ஒரே கம்பனி, ஒரே மொடல், 1.8 லீட்டர். இரண்டு இணையக் கடைகளிலும் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையிலும் விலை பார்த்தோம். முதல் கடையில் 3,490 ரூபா. இரண்டாவதில் 3,890. டவுன் கடையில் 4,250. இந்த மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்தால் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் முதல் கடையில் கடைசிப் பக்கம் வரை போனபோது கணக்கு மாறியது. பக்கிங் 150, ஹாண்ட்லிங் 120. டெலிவரி "250 ரூபாவிலிருந்து" என்று முன்பக்கத்தில் போட்டிருந்தார்கள். அது கொழும்புக்குத்தான், யாழ்ப்பாணத்துக்கு 450. சீ.ஓ.டி 150. எல்லாம் சேர்த்து 4,360 ரூபா. இரண்டாவது கடையில் டெலிவரி நாடு முழுக்க 350, வேறு ஒன்றும் இல்லை. மொத்தம் 4,240. மலிவாகத் தெரிந்த கடைதான் மூன்றிலும் விலை கூடினது. டவுன் கடைக்காரர் சொன்ன 4,250, இரண்டாவது கடையை விட பத்து ரூபாதான் அதிகம். அங்கே கேத்தலை பிளக்கில் போட்டுக் காட்டித்தான் தருவார்கள்.

முதல் கடையின் கட்டணங்களை மட்டும் கூட்டினால் 870 ரூபா. பொருளின் விலையில் கிட்டத்தட்ட கால்வாசி.

இதில் எல்லாக் கட்டணமும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கூரியர் கம்பனி நிறைக்கு ஏற்றபடி உண்மையிலேயே காசு எடுக்கும். முதல் கிலோவுக்கு ஒரு தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கொஞ்சம். சீ.ஓ.டி.க்கும் ஒரு செலவு இருக்கிறது. எங்களிடம் வாங்கிய காசைக் கூரியர்காரர் கணக்கு வைத்துக் கடைக்குச் சேர்க்க வேண்டும். ஆள் வீட்டில் இல்லையென்று திரும்பிப்போகிற பொதிகளின் செலவையும் யாரோ ஏற்க வேண்டும். ஆனால் பக்கிங்கும் ஹாண்ட்லிங்கும் வேறு சாதி. பெட்டியில் போடாமல் ஒரு கேத்தலை எப்படி அனுப்புவது? நான் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரு செலவு பொருளின் விலைக்குள்ளேயே இருக்க வேண்டியது. அதைப் பிரித்து வெளியே வைப்பதற்கு ஒரே காரணம், முன்பக்க இலக்கம் சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதுதான். விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினால் 3,490 மேலே நிற்கும், 3,890 கீழே போகும்.

இது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் விற்கும் தளத்தில் 2015இல் ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்குக் கட்டணங்கள் சேர்ந்த விலையை முதலிலேயே காட்டினார்கள். மற்றவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டினார்கள். கடைசியில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 21 வீதம் அதிகம் செலவழித்தார்கள். அவ்வளவு தூரம் வந்தபின் திரும்பிப்போக மனம் வராது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரலிலிருந்து, தவிர்க்க முடியாத கட்டணங்களை முதலில் காட்டும் விலைக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்பது சட்டம்.

இனி சீ.ஓ.டி.க்கு வருவோம். "காசு பிறகுதானே, சாமானைப் பார்த்திட்டுக் குடுக்கலாம்" என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. காசு கொடுத்த பிறகுதான் பொதியைப் பிரிக்க விடுவார்கள். ஆகவே அந்த 150 ரூபாவுக்கு எங்களுக்குக் கிடைப்பது ஒரு பாதுகாப்புத்தான்: காசை முன்னுக்கே அனுப்பி, பொதியே வராமல் போகாது. பொதிக்குள் உடைந்த கேத்தல் இருந்தால் அது உதவாது. பழக்கமான கடை என்றால் வங்கிமூலம் கட்டி, முதல் கடையின் மொத்தத்தை 4,210க்குக் கொண்டுவரலாம். பெயர் கேள்விப்படாத முகநூல் பக்கம் என்றால் அந்த 150ஐக் கொடுப்பதே புத்தி.

பொருள் பழுதென்று திருப்பி அனுப்பினால் என்ன வரும் என்பதையும் வாங்க முன்னரே பார்க்க வேணும். பல கடைகளின் விதிகளில் பொருளின் விலை மட்டும்தான் திரும்பக் கிடைக்கும், கட்டணங்கள் கிடைக்காது என்று இருக்கும். அப்படியென்றால் முதல் கடையில் 870 ரூபா போனது போனதுதான். திருப்பி அனுப்பும் கூரியர் காசும் எங்கள் தலையில் விழலாம். விலைக்குள் எல்லாம் சேர்த்துப் போட்ட கடை இந்த இடத்தில் எங்களுக்கு அதிகம் லாபம்.

இன்னொன்று, எண்ணிக்கை மாறினால் மலிவான கடையும் மாறும். பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கும் ஒரு கேத்தல் தேவைப்பட்டதால் இரண்டுக்கும் சேர்த்துப் போட்டுப் பார்த்தோம். முதல் கடையில் பக்கிங் மட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்தது. ஹாண்ட்லிங்கும் சீ.ஓ.டி.யும் ஓர்டருக்கு ஒருமுறைதான். டெலிவரி நிறை கூடியதால் 550. மொத்தம் 8,100, அதாவது ஒன்று 4,050. இரண்டாவது கடையில் மொத்தம் 8,130. இந்தமுறை முதல் கடைதான் முப்பது ரூபா மலிவு. அதனால் "அந்தக் கடை மலிவு, இந்தக் கடை விலை" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எத்தனை, எந்த ஊருக்கு, எப்படிக் கட்டப்போகிறோம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் விலை தெரியும்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். எங்கள் முகவரியைப் போட்டு, கட்டும் முறையைத் தெரிவுசெய்து, "ஓர்டரை உறுதிசெய்" என்ற பொத்தானுக்கு முந்தின பக்கம் வரை போவது. நாங்கள் கேட்காமலே சரி போட்டிருக்கிற காப்புறுதி, பரிசுப்பொதி மாதிரிப் பெட்டிகளை எடுத்துவிடுவது. அந்த மொத்தத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அடுத்த கடையிலும் அதையே செய்வது. "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ" என்கிற பக்கங்களில் ஒரே கேள்விதான்: "அண்ணா, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினா, பொதி கையில வரேக்க மொத்தமா எவ்வளவு குடுக்கவேணும்?" பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேணும். வாசலில் கூரியர்காரர் அதைவிடக் கூடக் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறையிடவும் அதுதான் உதவும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது.

டவுன் கடைக்காரருக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. 4,250 என்று சொன்னால் 4,250தான். ஆனால் போனில் விலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் "ஒன்லைன்ல 3,490தானே" என்று அவரிடம் பேரம் பேசுகிறார்கள். அவர் விலை கூட்டி விற்கிறார் என்ற பெயர் அப்படித்தான் வருகிறது. முழு விலையை முதலிலேயே சொன்னதுதான் அவர் செய்த குற்றம்.